‘ஒண்ணும் ஆகாதுல்ல?’ ஒரு நாளைக்கு எத்தனை தடவை பதில் சொல்வது?

ஸ்கூட்டிக்காரி | 3 மார்ச் 2024

கல்யாணமாகி ஆறு வருடம். கணவருக்குக் கப்பலூர் பக்கம் கம்பெனி வேலை. எனக்கு மதுரை விளக்குத்தூண் அருகில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு வேலை. வில்லாபுரத்திலிருந்து கடைக்கு ஸ்கூட்டியில் இருபது நிமிடம்கூட ஆகாது. அதற்குள் மூன்று போன். கிளம்பிவிட்டாயா, எங்கே வருகிறாய், சேர்ந்துவிட்டாயா. எடுக்காவிட்டால் கடை நம்பருக்கே வந்துவிடும். எனக்கு விபத்து ஆகிவிட்டதாக அவர் மனதில் படம் ஓடுமாம், கை நடுங்குமாம். டாக்டரிடம் காட்டி மாத்திரையும் சாப்பிடுகிறார். நல்ல மனிதர், குடி கிடையாது.

போன வாரம் ஸ்டாக் கணக்கு எடுக்கும்போது இரண்டு மணி நேரம் போனை சைலன்ட்டில் போட்டுவிட்டேன். பார்த்தபோது 23 மிஸ்டு கால். சாயங்காலம் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் செய்தது தப்பா?

மேலூரான் | 3 மார்ச்

தப்பே இல்லை தங்கச்சி. பொண்டாட்டி மேல் சந்தேகப்படுகிற ஆளுக்கு ஒரு தடவை பயம் காட்டினால்தான் சரிப்படும். பெரியவர்களைக் கூட்டி வைத்துப் பேசுங்கள்.

ஸ்கூட்டிக்காரி | 3 மார்ச்

அண்ணே, சந்தேகம் இல்லை. பயம். யாருடன் இருக்கிறாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. உயிரோடு இருக்கிறாயா என்றுதான் கேட்கிறார்.

காயில்கட்டி | 4 மார்ச்

நான் சிம்மக்கல் பக்கம் மோட்டார் காயில் கட்டுகிறவன். எங்கள் வீட்டில் படபடப்பு என் மனைவிக்கு. அவளுக்குத் தன் நெஞ்சைப் பற்றித்தான் பயம். நாலு வருடத்துக்கு முன்னால் மூன்றே மாதத்தில் ஐந்து இ.சி.ஜி. எடுத்தோம், எல்லாமே நடுராத்திரியில். எக்கோ, தைராய்டு, ரத்தத்தில் ஹீமோகுளோபின் எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஒரு குறையும் இல்லை. அதைச் சொன்னதும் அவள் முகம் தெளியும். வண்டி கோரிப்பாளையம் தாண்டுவதற்குள், ‘ஏங்க, அந்த மெஷின் சரியா இருந்திருக்கும்ல?’

பகலில் கடைக்குப் போன் வரும். இடது கை மரத்த மாதிரி இருக்கிறது, ஒன்றும் ஆகாதுல்ல? ஆகாது என்பேன். கால் மணி நேரம் கழித்து மறுபடியும் அதே கேள்வி. ஒரு நாள் எரிச்சலில் வார்னிஷ் டின் மேல் ஆணியால் கோடு கிழித்துக்கொண்டே வந்தேன். ராத்திரி கடை சாத்தும்போது எண்ணினால் 31 கோடு. அன்று ஒரு 5 எச்.பி. மோட்டாருக்குச் சுற்று எண்ணிக்கையைத் தவறவிட்டு, முழுக் காயிலையும் பிரித்துத் திரும்பக் கட்டினேன். கம்பிக் காசு கைக்காசு.

உங்கள் 23 மிஸ்டு காலைப் பார்த்ததும் அந்த டின்தான் ஞாபகம் வந்தது. தப்பா சரியா என்பதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். சைலன்ட்டில் போடப்போவது அவருக்கு முன்பே தெரியுமா?

ஸ்கூட்டிக்காரி | 4 மார்ச்

தெரியாது. சொன்னால் விடமாட்டார் என்று சொல்லவில்லை.

கோச்சடைக்காரன் | 5 மார்ச்

ரொம்ப யோசிக்காதீர்கள். அழுகிற குழந்தையைக் கண்டுகொள்ளாமல் விட்டால் தானே ஓயும். பதில் சொல்லச் சொல்லத்தான் கேள்வி வளர்கிறது. பேசாமல் இருந்து பாருங்கள், ஒரே வாரத்தில் அடங்கும்.

காயில்கட்டி | 5 மார்ச்

பதில் சொல்லச் சொல்லக் கேள்வி வளர்கிறது என்பது நூற்றுக்கு நூறு உண்மை. கண்டுகொள்ளாமல் விடுவதைத்தான் நான் செய்து பார்த்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சண்டை முற்றி, ‘இனிமே நீ கேட்டா நான் வாயே திறக்கமாட்டேன்’ என்றேன். சொன்னபடியே இருந்தேன். அவள் கேட்பாள், நான் டி.வி. பார்ப்பேன். மூன்றாம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு உசிலம்பட்டியில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே அக்காவிடம் கேட்டாள். அக்கா பதில் சொன்னாள், நெஞ்சைத் தடவிவிட்டாள், பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள். திரும்பி வந்தபோது நிலைமை முன்பைவிட மோசம். இப்போது அவளுக்கு இரண்டு பயம். ஒன்று நெஞ்சு, இன்னொன்று நான் விட்டுவிடுவேனோ என்பது.

அதனால் கோச்சடைத் தம்பி, பாதி மருந்து கையில் இருக்கிறது, பாதி இல்லை.

ஓய்வுபெற்ற நர்ஸ் | 6 மார்ச்

மனநலப் பிரிவில் 26 வருடம் வேலை பார்த்தவள் நான். அந்த மீதிப் பாதியைச் சொல்லிவிடுகிறேன்.

பதட்டக்காரர் கேட்பது தகவல் இல்லை. தகவல் அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. அந்த நிமிடத்து நெருக்கடி தணிய வேண்டும் என்றுதான் கேட்கிறார். நீங்கள் ‘ஒன்றும் ஆகாது’ என்றதும் தணிகிறது. ஆனால் தணிந்தது தன்னால் இல்லை, உங்களால் என்று அவர் மனம் கணக்கு எழுதிக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் சின்னத் துடிப்புக்கே உங்களைத் தேடும். பதில் கிடைக்காமலேயே அந்த அலை தானாக இறங்கும் என்பதைப் பார்க்க அவருக்கு வாய்ப்பே வருவதில்லை. திடீர்ப் பதட்டம் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்கு ஏறிவிடும், அப்புறம் இறங்கத்தான் செய்யும்.

இதைக் குழந்தைகள் விஷயத்தில் நன்றாகச் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் என்பவர் குழந்தையை விட்டுவிட்டுப் பெற்றோருக்கு மட்டும் பயிற்சி கொடுத்தார். குழந்தையின் பயத்துக்காகத் தாங்கள் செய்துவந்த சலுகைகளை அவர்கள் ஒவ்வொன்றாகக் குறைத்தார்கள். 124 குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வு 2020இல் வெளியானது. குழந்தைக்கே நேரடியாகச் சிகிச்சை கொடுத்ததற்கு இது குறைவாக இல்லை. கணவன் மனைவிக்கு அதை அப்படியே தூக்கி வைக்க முடியாது. பெரியவர் ஒருவரிடம் நீங்கள் அப்பா அம்மா இல்லை. ஆனால் அடிப்படை ஒன்றுதான். அவரை மாற்றக் கிளம்பவில்லை, நீங்கள் செய்வதை மாற்றுகிறீர்கள். அதற்கு அவருடைய சம்மதம்கூடத் தேவையில்லை. முன்கூட்டியே தெரிவிப்பது மட்டும் அவசியம்.

ஸ்கூட்டிக்காரி அம்மா, அன்று நீங்கள் செய்ததில் குறை சைலன்ட்டில் போட்டது இல்லை, சொல்லாமல் போட்டதுதான்.

மேலூரான் | 6 மார்ச்

சிஸ்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் 23 போன் எனக்குப் புரியவில்லை. என் சம்சாரம் நான் செத்தாலும் போன் பண்ணாது.

காயில்கட்டி | 9 மார்ச்

இரண்டு நாள் கடையில் கூட்டம், எழுத முடியவில்லை. வெயில் ஏற ஏற மோட்டார் எரிவதும் கூடும்.

நாங்கள் இரண்டாவது தடவை எப்படிச் செய்தோம் என்று சொல்கிறேன். முதல் வேலையாக அவளைப் பார்க்கிற டாக்டரிடம் நான் தனியாகப் போய், ‘எப்போது நான் வண்டியை எடுக்கவேண்டும்?’ என்று கேட்டேன். அவர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். நெஞ்சில் பாரம் ஏறி, உட்கார்ந்து ஓய்வெடுத்தும் கால் மணி நேரத்தில் குறையவில்லை, தாடைக்கோ கைக்கோ வலி பரவுகிறது, குளிர்ந்து வியர்க்கிறது, மயக்கம் வருகிறது, இதுவரை வராத புதுவிதமாக இருக்கிறது. இதில் எது இருந்தாலும் பேச்சே இல்லை, கிளம்பு. இல்லாவிட்டால் வீட்டில் இரு. அந்தச் சீட்டு இன்னும் பிரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கிறது. இது இல்லாமல் நான் எல்லை போட்டிருந்தால் ஒவ்வொரு ராத்திரியும் ‘இன்றைக்கு நிஜமாக இருந்தால்?’ என்றே படுத்திருப்பேன். முடிவெடுக்கும் பாரம் என் தலையிலிருந்து காகிதத்துக்குப் போனது.

இரண்டாவது, சொன்ன நேரம். சண்டையில் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது சொன்னேன். அவள் நன்றாக இருந்த நேரம். சொன்னது இவ்வளவுதான்:

‘உனக்கு எவ்வளவு கஷ்டமா இருக்குன்னு எனக்குத் தெரியும். நான் சொல்ற பதில் உனக்குக் கால் மணி நேரத்துக்கு மேல தாங்கல, அதையும் பார்த்துட்டேன். திங்கக்கிழமையில இருந்து ஒரு கேள்விக்கு ஒரு தடவைதான் பதில் சொல்லுவேன். மறுபடி கேட்டா, கூட இருப்பேன், கையப் பிடிச்சுக்குவேன், பதில் மட்டும் சொல்லமாட்டேன். நீ தாங்குவே.’

அவள் ஒரு தலையணை உறையை நாலாக மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள். ‘செஞ்சு பாருங்க’ என்றாள். நம்பிச் சொன்னாளா, சவாலாகச் சொன்னாளா, இன்றுவரை தெரியாது.

முதல் வாரம் கோடு 31லிருந்து 46க்குப் போனது. இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குறைவதற்கு முன்னால் கூடும். கேள்வியும் மாறும், ‘ஆகாதுல்ல’ என்பது ‘நீங்க என்ன நினைக்கிறீங்க’ ஆகும், அப்புறம் ‘சும்மா கேட்டேன்’ ஆகும். நாலாம் நாள் ராத்திரி நான் உடைந்துபோய், ‘ஆகாதும்மா, தூங்கு’ என்று சொல்லிவிட்டேன். அடுத்த நாள் முழுக்க விடாமல் கேட்டாள். பத்தில் ஒரு தடவை விழும் என்று தெரிந்தால் யாரும் சீட்டாட்டத்தை நிறுத்தமாட்டார்கள், அதே கதை. ஒரு மாதத்தில் 20 ஆனது, மூன்று மாதத்தில் 9.

காயில்கட்டி | 9 மார்ச், ராத்திரி

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். மனைவியிடம் படித்துக் காட்டினேன், சிரித்தாள். ‘31ல உங்களோடது எத்தனைன்னு எழுதலையே?’ என்றாள்.

வாஸ்தவம். டின்னில் கோடு போட்ட அடுத்த நாளே தெரிந்துகொண்ட விஷயம், எழுத மறந்துவிட்டேன், அல்லது மறைத்துவிட்டேன். அந்த 31இல் ஏழெட்டு நானாகப் போன் செய்து ‘இப்ப எப்படி இருக்கு?’ என்று கேட்டது. அவள் நிம்மதியாகச் சீரியல் பார்த்துக்கொண்டு இருந்திருப்பாள். நான் கேட்டதும் தன் நெஞ்சில் கை வைத்துப் பார்ப்பாள். போன் வரப்போகிறதே என்ற என் படபடப்பைத் தணிக்க நானே முந்திக்கொண்டு கேட்டிருக்கிறேன். எனவே முதலில் நிறுத்த வேண்டியிருந்தது என் வாயை.

ஸ்கூட்டிக்காரி | 10 மார்ச்

எனக்கும் அது உண்டு. கடை வாசலில் ஸ்டாண்டு போடுவதற்குள் நானே ‘சேர்ந்துட்டேன்’ என்று மெசேஜ் அனுப்பிவிடுவேன். அதுவும் சலுகையா?

இன்னொரு வேடிக்கை. அவர் பயப்படுவது விபத்துக்கு. அவர் போனை எடுக்க நான் தெற்குவாசல் நெரிசலில் வண்டியை ஓரம்கட்டி நிற்கிறேன். பின்னால் வருகிற ஷேர் ஆட்டோக்காரர் என்னைத் திட்டாத நாளே இல்லை.

மாமியாரிடம் சொன்னேன். ‘புருஷன் அக்கறையா விசாரிக்கிறது உனக்குத் தொந்தரவா போச்சா? எத்தனையோ பொம்பளைங்க கேக்க நாதியில்லாம கிடக்காங்க’ என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. உண்மையில் அதுதான் என்னைக் கொல்கிறது.

ஓய்வுபெற்ற நர்ஸ் | 10 மார்ச்

சேர்ந்ததும் ஒரு மெசேஜ் அனுப்புவது எந்த வீட்டிலும் நடப்பதுதான், அது இருக்கட்டும். வழியில் வருகிற போனை எடுப்பதுதான் குறைக்க வேண்டியது. ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் பிடுங்காதீர்கள். முதல் இரண்டு வாரம் வண்டி ஓடும்போது எடுப்பதில்லை, அவ்வளவே. அது நின்ற பிறகு கடை நம்பர். கடைசியாக மத்தியான போன்.

அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்கவில்லை. பொதுவாக ஒன்று. தினம் ஒன்று வீதம் மாதக்கணக்கில் கொடுக்கும் மாத்திரைகள் பிடிப்பதற்கு நாலு முதல் ஆறு வாரம்வரை ஆகும். முதல் பத்து நாளில் சிலருக்குப் படபடப்பு கூடவும் செய்யும். அந்தச் சமயத்தில் வீட்டில் புதுச் சட்டம் போட வேண்டாம். அல்பிரசோலம் மாதிரி உடனே தணிக்கிற மாத்திரையை டாக்டர் சொன்னதற்கு மேல் நீங்களாக எடுத்துக் கொடுக்கவே கூடாது. பழக்கமாகிவிடும். திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

காயில் தம்பி, உங்கள் சீட்டில் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலி பெரிதாக இல்லாமல் மூச்சுத்திணறல், குமட்டல், காரணமில்லாத அசதி என்றும் வரும். அதையும் டாக்டரிடம் கேட்டு எழுதிவையுங்கள்.

காயில்கட்டி | 10 மார்ச்

எழுதிவைக்கிறேன் சிஸ்டர்.

தங்கச்சி, உங்கள் மாமியார் சொன்னதைத்தான் என் அம்மாவும் சொன்னார், ஆளை மட்டும் மாற்றி. ‘கட்டினவன் தைரியம் சொல்லாம வேற எவன் சொல்லுவான்?’ அதைக் கேட்டுக் கேட்டு நான் என்ன ஆனேன் என்று சொல்கிறேன்.

இரண்டு வருடம் ராத்திரி நாலு மணி நேரம்கூடச் சேர்ந்தாற்போல் தூங்கவில்லை. 40 வயதில் பிரஷர் 160/100. ஞாயிற்றுக்கிழமை காலையில் தமுக்கம் பக்கம் பந்து விளையாடப் போகிற பழக்கம் நின்றது. தங்கச்சி மகள் காதுகுத்துக்குத் திண்டுக்கல் போய்ப் பந்தியில் உட்கார்ந்தவன், போன் வந்து இலையை மடிக்காமலே எழுந்து வந்தேன். ஒரு நாள் கடைப் பையன் பீஸ் கட்டையை மாற்றிப் போட்டான் என்று கையை ஓங்கிவிட்டேன். அவன் 19 வயதுப் பையன். அன்று ராத்திரிதான் எனக்குப் புரிந்தது, நான் மனைவியைப் பார்த்துக்கொள்ளவில்லை, அவள் மேல் இருக்கிற கோபத்தை ஊரெல்லாம் இறக்கிவைத்துக்கொண்டு இருக்கிறேன்.

அதனால் மூன்று விஷயத்தைப் பிடுங்கி எடுத்துக்கொண்டேன். ராத்திரி பத்தரையிலிருந்து ஐந்துவரை, சீட்டில் உள்ளது நடந்தாலொழிய என்னை எழுப்பக்கூடாது. வாரத்தில் இரண்டு ராத்திரி வெளித்திண்ணையில் படுப்பேன். ஞாயிறு காலை ஆறிலிருந்து எட்டரைவரை பந்து, போன் பையில் இருக்கும்.

முதல் ஞாயிறு நான் ஒரு பந்தைக்கூட ஒழுங்காகப் போடவில்லை. பையையே பார்த்துக்கொண்டு இருந்தேன். குற்ற உணர்ச்சி போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதல் ஐந்தாறு வாரம் அது கூடவே மைதானத்துக்கு வரும். அது வந்துவிட்டதே, அப்படியானால் நான் தப்பு செய்கிறேன் என்று நினைத்தேன், அதுதான் என் தவறு. நெஞ்சு படபடத்தால் அட்டாக் என்று அவள் நினைப்பதும், மனசு உறுத்தினால் துரோகம் என்று நான் நினைப்பதும் ஒரே கணக்குதான். இரண்டுமே பொய் அலாரம்.

மேலூரான் | 11 மார்ச்

இவ்வளவும் சரி. ஒரு தடவை பாண்டி கோவிலுக்குப் போய்க் கயிறு கட்டிப் பார்த்தீர்களா?

காயில்கட்டி | 11 மார்ச்

போனோம். மச்சான் கிடா வெட்டினார். கயிறு ஆறு மாதம் கையில் இருந்தது. அன்று அவள் ஒரு தடவைகூட நெஞ்சைப் பற்றிக் கேட்கவில்லை. சாமியா, கறிச்சோறா, அக்கா தங்கைகள் எல்லோரும் கூடியதாலா, தெரியாது. நான் இரண்டு பங்கு சாப்பிட்டேன், எனக்குத்தான் நெஞ்சு கரித்தது.

கோச்சடைக்காரன் | 11 மார்ச்

எலும்புக் குழம்பா, சுக்காவா?

காயில்கட்டி | 11 மார்ச்

இரண்டும். இழை திசை மாறுகிறது.

நைட் ஷிப்ட் | 17 மார்ச்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு 27, இன்னும் கல்யாணமாகவில்லை. அவளும் இப்படித்தான், ராத்திரி ஷிப்டில் இருக்கும்போது விடாமல் கூப்பிடுவாள். இந்த இழையைப் படித்துவிட்டு ஒரு மணிக்கு மேல் எடுக்கமாட்டேன் என்று சொன்னேன். ‘அப்போ நான் செத்துப்போறேன்’ என்றாள். என்ன செய்வது? அது பதட்டமா, மிரட்டலா?

ஓய்வுபெற்ற நர்ஸ் | 17 மார்ச்

எதுவென்று நீங்கள் தீர்மானிக்க வேண்டாம் தம்பி, அது உங்கள் வேலை இல்லை. அந்த வார்த்தை வந்தால் எல்லையைப் பற்றிய பேச்சு அன்றைக்கு நின்றுவிடும். நேராகக் கேளுங்கள், ‘சாக வேண்டும் என்று தோன்றுகிறதா? எப்படி என்று யோசித்திருக்கிறாயா?’ கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. அவளுடன் வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்களுக்கு உடனே சொல்லுங்கள், இன்றே. இரகசியமாக வைத்துக்கொள்கிறேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. இப்போதே ஆபத்து என்றால் 108. பெரிய ஆஸ்பத்திரியிலும் மனநலப் பிரிவு இருக்கிறது.

அந்த அவசரம் தணிந்த பிறகு ஒருவரிடம் கூட்டிப்போய்க் காட்டுங்கள். ஒரு மணிக்கு மேல் எடுக்காத முடிவை அவர் முன்னால் வைத்துப் பேசலாம்.

நைட் ஷிப்ட் | 18 மார்ச்

அவள் அக்காவிடம் சொல்லிவிட்டேன். இப்போது என்மேல் கோபம், பேசவில்லை. அக்கா பக்கத்தில் இருக்கிறார், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார். நான் செய்தது சரிதானா என்று தெரியவில்லை.

ஓய்வுபெற்ற நர்ஸ் | 18 மார்ச்

கோபமாக இருக்கட்டும். செய்தது சரி.

காயில்கட்டி | 31 மார்ச்

9ஆம் தேதி எழுதியதில் இன்னொரு திருத்தம். மூன்று மாதத்தில் 9 ஆனது என்று பெருமையாக எழுதியிருந்தேன். அந்த 9 என் கணக்கு மட்டும்தான்.

நான் பதில் சொல்வதைக் குறைத்தபோது கேள்வி எங்கே போனது என்று நான் பார்க்கவில்லை. ஒரு நாள் எட்டாவது படிக்கும் மகள் நோட்டைத் தேடினேன், வீட்டுப்பாடம் பாதியில் நின்றிருந்தது. கேட்டால், ‘அம்மா நாடி பிடிச்சுப் பார்க்கச் சொன்னாங்கப்பா, தினமும் ரெண்டு தடவை’ என்றது பிள்ளை. ஒரு நிமிடத்துக்கு எத்தனை என்று கடைசிப் பக்கத்தில் வரிசையாக எழுதியிருந்தது: 84, 91, 88. எனக்குக் கண் இருட்டிவிட்டது.

அன்று அவளிடம் சத்தம் போடாமல் சொன்ன ஒரே விஷயம் இது. ‘என்கிட்ட ஒரு தடவை கேளு, டாக்டர்கிட்ட எத்தனை தடவை வேணும்னாலும் கேளு, பிள்ளைகிட்ட வேண்டாம்.’ அவள் அழுதாள். அவளுக்கும் அது பிடிக்கவில்லையாம், தாங்க முடியாமல் கேட்டிருக்கிறாள். அதற்குப் பிறகுதான் மனநல ஆலோசகரிடம் வாரம் ஒரு முறை போக ஒத்துக்கொண்டாள். அந்த நோட்டை மட்டும் அவள் கிழிக்கவில்லை. பீரோவில் வைத்திருக்கிறாள்.

கோச்சடைக்காரன் | 1 ஏப்ரல்

கண்டுகொள்ளாமல் விடச் சொன்னவன் நான். இதைப் படித்துவிட்டு ஒன்று கேட்கிறேன், சண்டைக்கு இல்லை. இவ்வளவு கஷ்டப்படுகிற ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்வதில் என்ன போய்விடும்? எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை.

காயில்கட்டி | 1 ஏப்ரல்

தம்பி, சீசாப் பலகையின் மறுபக்கத்தில் ஏறிவிட்டீர்கள். எனக்கும் சில நாள் ஒப்புவதில்லை. அவளுடைய அப்பா இறந்துபோன ராத்திரி அவள் எத்தனை தடவை கேட்டாளோ அத்தனை தடவையும் சொன்னேன். விதியை உடைத்தேனா என்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

ஸ்கூட்டிக்காரி | 24 ஏப்ரல்

ரொம்ப நாளாகிவிட்டது. அவரிடம் ஒரு ஞாயிறு சொன்னேன், காயில் அண்ணன் மொட்டைமாடியில் சொன்ன மாதிரி, கொஞ்சம் என் வாயில் மாற்றி. வண்டி ஓடும்போது எடுக்கமாட்டேன், சேர்ந்ததும் ஒரு மெசேஜ். முகம் சுருங்கியது. முதல் வாரம் கடைக்குப் போன் பத்து வந்தது. முதலாளி கேட்டார், சொல்லிவிட்டேன். அவர் தம்பிக்கும் இப்படியாம், ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று விடிகாலையில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க நானும் தங்கச்சியும் போனோம். அவர் கூட்டத்துக்கு வரமாட்டார். அத்தனை ஜனத்தில் டவரே இல்லை. மெசேஜ் போகவில்லை. ஆறரைக்குத்தான் அது எனக்கே தெரிந்தது, வயிறு கலங்கிவிட்டது. தண்ணீர் பீய்ச்சுகிற தோல்பைக்காரர்கள் நடுவில் புகுந்து கரையேறி ஓடினேன், புடவையெல்லாம் ஈரம். டவர் வந்ததும் பார்த்தால் அவரிடமிருந்து ஒரே ஒரு மிஸ்டு கால், அப்புறம் ஒரு மெசேஜ். ‘டி.வி.யில பார்க்கிறேன். கூட்டம் ஜாஸ்தியா இருக்கு. டவர் இருக்காது.’

வீட்டுக்குப் போனால் அவர் டி.வி. முன்னால் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு இருந்தார். நடுங்காமல் இருக்க. காபி போட்டுக் கொடுத்தேன். ஒன்றும் பேசவில்லை.

மாமியார் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அதை எப்படிச் சரிசெய்வது என்று தெரியவில்லை.

மேலூரான் | 24 ஏப்ரல்

அந்த மனுசன் கையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்ததைப் படித்ததும் எனக்கு என்னமோ போல் ஆகிவிட்டது. முதலில் நான் எழுதியதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

காயில்கட்டி | 16 ஜூன்

எங்கள் தெருவில் 46 வயதுக்காரர் ஒருவர் போன மாதம் மாரடைப்பில் போய்விட்டார். வீட்டில் கோடு மறுபடி 19. ஆலோசகர் இதை எதிர்பார்த்ததுதான் என்றார். பழைய வாக்கியத்தையே பிடித்துக்கொள்ளச் சொன்னார், பிடித்துக்கொண்டோம். இப்போது 12.

நேற்றும் முந்தாநாளும் கோயம்புத்தூரில் பம்ப் டீலர் கூட்டம். நாலு வருடத்தில் முதல் தடவையாக ராத்திரி வெளியூரில் தங்கினேன். ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு போன், அதற்கு முன் பின் இல்லை என்று பேசிவைத்துக்கொண்டோம். மத்தியானச் சாப்பாடு முடிந்து கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன், மேடையில் யாரோ இம்பெல்லர் பற்றிப் பேசிக்கொண்டு இருந்தார். எழுந்து வெளியே வந்து போன் செய்தேன்.

எடுத்தாள். பின்னால் மிக்ஸி ஓடிக்கொண்டு இருந்தது. ‘இப்ப மணி நாலுதாங்க ஆகுது’ என்றாள்.